“அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்” என்று சொல்லி நான் இழந்தது

என் மேலாளர் ஒருமுறை, அவருடைய மேலதிகாரியும் இருந்த கூட்டத்தில், என் வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதற்கு நான் சொன்ன பதில் மூன்றே மூன்று வாக்கியம். அந்த மூன்று வாக்கியத்துக்கும் சேர்த்து நான் கொடுத்த விலை ஒரு ரேட்டிங், 4 விழுக்காடு சம்பள உயர்வு, ஒரு வருடத்துக்கும் மேலான காத்திருப்பு. பாராட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனத்தில் சுமார் 38,000 வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கணக்கிலும் ஒரு புதுப்பிப்புத் தேதி உண்டு. சோதனை ஓட்டத்தில் பாதிக்கும் மேலான கணக்குகள் ‘தேதி தவறு’ என்று நின்றுவிட்டன. நின்றவற்றைக் கையால் திருத்தி மறுபடி ஏற்றிவிடலாம் என்பது எல்லோருடைய யோசனை. நான் அந்தப் பிழைப் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. பட்டியலில் இருந்த எல்லாத் தேதியும் 13 முதல் 31 வரை. 12க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அப்புறம்தான் புரிந்தது. பழைய மென்பொருள் நாளை முதலில் எழுதுகிறது, புதியது மாதத்தை முதலில் படிக்கிறது. 13 என்று ஒரு மாதம் இல்லாததால் அவை நின்றுவிட்டன. ஆனால் மார்ச் 5 என்பது மே 3 ஆகிச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. ஆக, நின்ற கணக்குகள் நல்ல பிள்ளைகள். ஆபத்து, ஒழுங்காக ஏறியதாக நாங்கள் நினைத்த 15,000 கணக்குகளில் இருந்தது. அவற்றைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய எனக்கும் சோதனைப் பிரிவில் இருந்த ஒரு தோழிக்கும் இரண்டு வார இறுதிகள் போயின.

அடுத்த திங்கள்கிழமை கூட்டம். துறைத் தலைவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். என் மேலாளர் ஆரம்பித்தார்: “இந்தத் தேதிப் பிரச்சினையை இவங்க பிடிக்கலைன்னா பெரிய சிக்கல்ல மாட்டியிருப்போம். ரொம்ப நல்ல வேலை.” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடானது. வாய் தானாகத் திறந்தது. “ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை சார். தற்செயலா கண்ணுல பட்டுச்சு. எல்லாம் டீம்தான் பண்ணாங்க.” மேலாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், சிரித்தார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு திருப்தி. தலைக்கனம் இல்லாமல் நடந்துகொண்டோம் என்ற திருப்தி. இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஐந்து மாதம் கழித்து அப்ரைசல். மேலாளர் எழுதியிருந்த குறிப்பில் அந்த வேலை ஒரே வரியில் இருந்தது: ‘தேதிப் பிழை தக்க சமயத்தில் டீமின் கவனத்துக்கு வந்தது.’ கவனத்துக்கு வந்ததாம்! யார் கவனித்தார்கள், எப்படிக் கவனித்தார்கள், எதுவும் இல்லை. ரேட்டிங் ஐந்துக்கு மூன்று. உயர்வு 5 விழுக்காடு. நான்கு வாங்கியவர்களுக்கு 9. இரண்டுக்கும் இடையிலான 4 விழுக்காடு கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட அரை மாதச் சம்பளம். அடுத்த வருட உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும், அதனால் அந்தப் பள்ளம் கூடவே வரும். இரண்டாம் கட்ட மாற்றத்துக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் வேறொருவருக்குப் போயிருந்தது.

கோபத்தோடுதான் கேட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். “நீங்களே தற்செயலா பாத்தேன்னு சொன்னீங்களே? டீம் பண்ணதுன்னும் சொன்னீங்க. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.” அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கீழே பதினொரு பேர். ஐந்து மாதத்துக்கு முந்தைய வேலையை எழுத உட்காரும்போது அவர் நினைவில் மிஞ்சியிருந்தது என் வாக்கியம்தான். நான் பணிவாகப் பேசியதாக நினைத்தேன், அவர் அதைத் தகவலாகக் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒருவர் “சட்டை நல்லா இருக்கே” என்று சொல்லி, நாம் “அட, பழசு” என்று சொன்னால் யாரும் அதைக் குறித்து வைத்துக்கொள்வதில்லை. வேலை இடத்தில் அப்படி இல்லை. அங்கே நம் வேலையைப் பற்றி நாம் சொல்வது பதிவாகிறது, பதவி உயர்வு பேசும்போது திரும்பி வருகிறது. ‘தற்செயல்’ என்ற சொல்லுக்கு, ‘இதை இவரால் மறுபடி செய்ய முடியும் என்று நம்ப வேண்டாம்’ என்று பொருள். அடுத்த கட்டத்துக்குத் தலைமை தேடும் துறைத் தலைவர் இதைக் கேட்டுவிட்டு வேறு என்ன முடிவுக்கு வருவார்?

இன்னொன்று எனக்குப் புரிய இன்னும் நாளானது. மேலாளர் தன் மேலதிகாரி முன்னால் “இவங்க நல்ல வேலை பண்ணாங்க” என்று சொல்லும்போது, தன் பேச்சின் மதிப்பை நமக்காகக் கொஞ்சம் செலவழிக்கிறார். அதை நாம் “ஒண்ணுமில்லை” என்று தட்டிவிட்டால், அவருடைய மதிப்பீடு தவறு என்று அவர் மேலதிகாரி முன்னாலேயே சொன்னதாக ஆகிறது. அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு நொடிக்கு அர்த்தம் அதுதான்.

ஏன் இப்படி வாய் உளறுகிறது என்று தேடியபோது, அனிடா பொமரான்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. பாராட்டப்படுகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்கிறார். எதிரே இருப்பவர் சொல்வதை ஒத்துக்கொள்ள வேண்டும், அதே சமயம் தற்புகழ்ச்சியும் கூடாது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடைகிறது. அதனால்தான் மனிதர்கள் பாராட்டைக் குறைத்துச் சொல்கிறார்கள், வேறொருவர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள், அல்லது பாராட்டியவரையே பதிலுக்குப் பாராட்டுகிறார்கள். முதல் இரண்டையும் நான் ஒரே மூச்சில் செய்திருந்தேன். நம்முடைய நன்னூலும் இந்தச் சிக்கலைத் தொடுகிறது. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லும் அதே நூல், அது தகும் என்று நான்கு இடங்களையும் ஒதுக்குகிறது. அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது. அந்தத் துறைத் தலைவருக்கு அன்றுவரை என் பெயர்கூடத் தெரியாது!

சரி, பாடம் கற்றாகிவிட்டது, இனி சுலபம் என்றுதானே நினைப்பீர்கள். நான் எதிர்ப் பக்கம் போய் விழுந்தேன். அப்ரைசல் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மாத இறுதி அறிக்கை ஒன்று சீக்கிரம் முடிந்ததற்கு மேலாளர் இரண்டே வரியில் நன்றி சொல்லி மெயில் அனுப்பினார், பதினான்கு பேர் அதில் இருந்தார்கள். இந்த முறை விடக்கூடாது என்று நான் எல்லோருக்கும் பதில் அனுப்பினேன். முப்பது வரிக்கு மேல் இருக்கும். எந்தெந்தக் கோப்பை எப்படி மாற்றினேன், எத்தனை நாள் இரவு 11 மணி வரை உட்கார்ந்தேன், இதற்கு முன்னால் எவ்வளவு மோசமாக இருந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. ஒரு நாள் முழுக்க யாரும் பதில் போடவில்லை. மறுநாள் அந்தச் சோதனைப் பிரிவுத் தோழி வந்து நின்றாள். “உன் மெயிலைப் படிச்சேன். அந்த அறிக்கைக்கு நான் ரெண்டு நாள் உக்காந்து சோதிச்சது எந்த வரியில இருக்கு?” பதில் சொல்ல முடியவில்லை. ‘முன்னால் எவ்வளவு மோசமாக இருந்தது’ என்று நான் எழுதிய பழைய அறிக்கையைச் செய்தவரும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர். அது எனக்கு அனுப்பும்போது தோன்றவே இல்லை. அதன்பின் பல மாதம் மேலாளர் என்னைப் பொதுவில் பாராட்டவில்லை. என் இடத்துக்கு வந்து மெதுவாக “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இந்த இரண்டு தவறையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. இரண்டிலுமே நான் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். முதல் முறை ‘நான் பெரிய ஆள் இல்லை’, இரண்டாம் முறை ‘நான் பெரிய ஆள்’. வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. மேலாளர் பாராட்டியது வேலையை. அப்படியானால் பதிலும் வேலையைப் பற்றி இருந்தால் போதுமே. அன்றைய கூட்டத்துக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நாலைந்து முறை அடித்து எழுதிய பிறகு வந்தது இது: “நன்றி சார். பிழைப் பட்டியல்ல 12க்குக் கீழ ஒரு தேதிகூட இல்லைங்கிறதுதான் சந்தேகத்தைக் கிளப்புச்சு. உள்ள போயிருந்த 15,000 கணக்கையும் ஒப்பிட்டுப் பாத்ததுல பாதி வேலை இவங்களோடது.” கடைசியில் தோழியின் பெயர். அவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பதினைந்து விநாடிகூட ஆகாது.

இதில் எது எதற்கு என்று சொல்கிறேன். முதலில் வெறும் ‘நன்றி’. அதற்குப் பின்னால் ‘ஆனா’, ‘இருந்தாலும்’ எதுவும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் நன்றி காணாமல் போய்விடும். இரண்டாவது, வேலை எப்படி நடந்தது என்று ஒரே ஒரு உண்மை. இந்த ஒரு வாக்கியம்தான் ‘தற்செயல்’ இருந்த இடத்தை நிரப்புகிறது. கேட்பவருக்கு நாம் எப்படி யோசித்தோம் என்பது தெரிந்துவிடும், நாம் நம்மைப் பற்றி ஒரு பெயரடைகூடப் போட்டிருக்க மாட்டோம். பெருமையடிப்பதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நான் பார்ப்பது இதைத்தான். ‘கடினமான’, ‘முக்கியமான’, ‘பெரிய’ மாதிரிச் சொற்களை அவர்கள் சொல்லட்டும், நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எத்தனை மணி நேரம் உழைத்தேன், எந்த விடுமுறையை இழந்தேன் என்பதும் அந்த இடத்தில் வேண்டாம். அது சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் மேலாளரோடு தனியாகப் பேசும்போது, வேலைச் சுமை என்ற தலைப்பில். பாராட்டுக்குப் பதிலாக வந்தால் அது பில் நீட்டுவது போல் ஆகிவிடும்.

மூன்றாவது, கூட வேலை செய்தவரின் பெயர். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘எல்லாம் டீம்தான்’ என்பது பெருந்தன்மை போலத் தெரிகிறது, ஆனால் அதனால் யாருக்கும் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அன்று நான் அப்படிச் சொன்னதில் எனக்கும் எதுவும் கிடைக்கவில்லை, இரண்டு வார இறுதியைக் கொடுத்த அந்தத் தோழிக்கும் கிடைக்கவில்லை. அவள் அப்ரைசலில் அந்த வேலை ஒரு வரியாகக்கூட வரவில்லை. டீமுக்கு யாரும் ரேட்டிங் போடுவதில்லை. ஒரு பெயர், அவர் செய்த ஒரு செயல், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கேட்பவர் மனதில் நிற்கும். அதே மாதிரி ‘உங்க வழிகாட்டுதல்தான் சார்’ என்பதும். மேலாளர் நிஜமாகவே ஏதாவது செய்திருந்தால், ‘நீங்க கெடுவை ஒரு வாரம் தள்ளி வாங்கிக் கொடுத்ததாலதான் முழுசா ஒப்பிட முடிஞ்சுது’ என்று அந்தச் செயலைச் சொல்லலாம். ஒன்றும் இல்லாவிட்டால் விட்டுவிடுவது நல்லது. வெறும் வழிகாட்டுதலைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும்.

நான்காவதுதான் எனக்கு இன்றும் கஷ்டம்: அங்கே நிறுத்துவது. பதில் சொல்லி முடித்த பிறகு ஓரிரு விநாடி அமைதி வரும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் ‘சும்மாதான் சார்’ என்று வாய் சேர்த்துவிடுகிறது. நான் பேனாவை மூடி நோட்டின் மேல் வைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் வாய் சும்மா இருக்கிறது. மெயில் என்றால் எனக்கு நானே வைத்திருக்கும் அளவு, பாராட்டு எத்தனை வரியோ அதைத் தாண்டாமல் பதில். இரண்டு வரிக்கு முப்பது வரி எழுதிய கை இது, கட்டுப்பாடு தேவைதான். எல்லோருக்கும் பதில் போடுவது, வேறொருவரின் பங்கைச் சொல்ல இருந்தால் மட்டும். என் நன்றி மட்டும்தான் என்றால் மேலாளருக்குத் தனியாக.

நடுவில் இரண்டு விதமான பாராட்டு என்னைத் தடுமாற வைத்தது. ஒன்று, வால் உள்ள பாராட்டு. “நீங்க இவ்வளவு நல்லா பண்றீங்க, அந்த இன்னொரு கணக்குத் தொகுதியையும் நீங்களே பாத்துக்குங்களேன்.” நன்றி சொன்னால் வேலையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயத்தில் ஒருமுறை பாராட்டையே மறுத்தேன். இன்னொரு முறை பாராட்டில் மயங்கி வேலையைத் தலையில் கட்டிக்கொண்டேன், மூன்று வாரம் மூச்சுவிட முடியவில்லை. இரண்டையும் தனித்தனி வாக்கியமாகப் பிரித்துவிட்டால் போதும் என்பது பின்னால்தான் தெரிந்தது. “நன்றி சார், அது உங்களுக்குப் பயன்பட்டதுல சந்தோஷம். புதுத் தொகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்.” மற்றொன்று, எனக்குச் சேராத பாராட்டு. நான் செய்யாததைச் செய்தேன் என்று அவர் சொன்னால் அங்கே நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வது திருட்டு. அந்த இடத்திலேயே, குழையாமல், “அதை நான் பண்ணலை சார், அவங்க பண்ணாங்க” என்று பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அப்புறம் சொல்வது மிகவும் கஷ்டம். ஆனால் இதையும் அடக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செய்யாததை மறுப்பது நேர்மை. செய்ததையே மறுத்தால் அது தவறான தகவல், அவ்வளவுதான்.

இரண்டாம் கட்ட மாற்றம் முடிந்தபோது அதே துறைத் தலைவர் கூட்டத்துக்கு வந்தார். மேலாளர் பல மாதம் கழித்து மறுபடி பொதுவில் என் பெயரைச் சொன்னார், சரிபார்ப்புப் பட்டியல் நன்றாக இருந்தது என்றார். காது அதே மாதிரி சூடானது. “நன்றி சார். முதல் கட்டத்துல தேதி புரண்ட மாதிரி வேற எங்கெல்லாம் சத்தமில்லாம புரளும்னு யோசிச்சுதான் அந்தப் பட்டியலைப் போட்டேன். அதுல தொகை சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க இவங்க போட்டது” என்று தோழியைக் காட்டினேன். பேனாவை மூடி வைத்தேன். துறைத் தலைவர் அவளிடம் திரும்பி, தொகையில் என்ன மாதிரி புரளும் என்று கேட்டார். அவள் ஐந்து நிமிடம் விளக்கினாள். அந்த வருட அப்ரைசலில் என் குறிப்பில் எழுவாய் இருந்தது: ‘பட்டியலை இவர் வடிவமைத்தார்.’ அவளுடையதிலும் இருந்ததாம். முதல் கூட்டத்திலிருந்து எண்ணினால் இதற்கு 17 மாதம் ஆகியிருந்தது.

போன வாரம் துறைத் தலைவர் எங்கள் மேலாளரையே பாராட்டினார், இரண்டு கட்டமும் பிசகில்லாமல் முடிந்ததற்கு. எங்கள் மேலாளர் நெளிந்துகொண்டே சொன்னார்: “ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலை சார். எல்லாம் டீம்தான்.” தோழி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.